36,000 ரூபாய் எங்கே நிற்கிறது? தனித்தொழில் கணக்கர்களின் பதிவுகளை முன்வைத்துச் சில எண்ணங்கள்

சென்ற வாரம் நூலக வாசலில் முதுகலை வணிகவியல் பயிலும் தம்பி ஒருவர் தம் கைப்பேசியை என்னிடம் நீட்டி, "அண்ணா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்றார். படிப்பு முடிந்ததும் எந்த நிறுவனத்திலும் சேராமல், பெங்களூருவின் சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் கணக்கெழுதிக் கொடுக்கும் தனித்தொழிலில் இறங்குவது அவர் எண்ணம். அதற்கு முன்னேற்பாடாக லிங்க்ட்இன் தளத்தில் மூன்று மாதங்களாக எழுதி வருகிறார். பதிவுகளை வாசித்தேன். சில, ஜி.எஸ்.டி. படிவங்களுக்கான கடைசி நாள்களை வண்ண அட்டையில் அச்சிட்டவை. சில, இணையவழிப் பயிற்சிகளின் சான்றிதழ்கள். மற்றவை விடாமுயற்சி குறித்தவை. விருப்பக் குறிகளுக்குக் குறைவில்லை. வாடிக்கையாளர் ஒருவர்கூட வரவில்லை.

அவரிடம் அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முறையாக எழுதிவைக்க விரும்புகிறேன். 'பர்சனல் பிராண்டிங்' என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கும் வழக்கம் நம் துறைகளில் உண்டு. எனக்கும் உண்டு. ஆயினும், பிழைப்புக்காக ஒருவர் தம்மைப் பற்றி எழுதியாக வேண்டும் என்றால், எதை எழுதுவது நேர்மையானது, எது பயன் தருவது என்று கேட்பது தகுதிக் குறைவான வேலையன்று. அந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து.

பொருளியல் மாணவர்கள் அறிந்த ஒரு பாகுபாட்டிலிருந்து தொடங்கலாம். வாங்கும் முன்பே தரத்தை அறியக்கூடிய பொருள்கள் உண்டு. துணியைத் தொட்டுப் பார்த்து வாங்குகிறோம். வாங்கிய பின்பே அறியக்கூடியவை உண்டு. உணவகத்தில் சாப்பிட்ட பிறகுதான் தெரியும். 1970-இல் பிலிப் நெல்சன் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டினார். 1973-இல் மைக்கேல் டார்பியும் எடி கார்னியும் மூன்றாவதாக ஒரு வகையைச் சேர்த்தனர். வாங்கிப் பயன்படுத்திய பின்னும் தரத்தை அறிய முடியாதவை அவை. குடல்வாலை அகற்றும் அறுவை சிகிச்சை அவர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. அதை அகற்றியது தேவைதானா என்பது நோயாளிக்குத் தெரியாது. மருத்துவரின் சொல்லை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. இவற்றை நம்பிக்கைப் பண்டங்கள் எனலாம்.

கணக்கெழுதும் சேவை இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது. பட்டறை உரிமையாளர் மாதந்தோறும் பணம் கொடுக்கிறார்; படிவம் தாக்கலாகிவிட்டது என்று குறுஞ்செய்தி வருகிறது. அதைச் சரியாகச் செய்தார்களா, கோரவேண்டிய வரி வரவு விடுபட்டதா, கோரக்கூடாதது கோரப்பட்டதா என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. இரண்டு, மூன்று ஆண்டுகள் கழித்து அறிவிப்பு ஒன்று வந்தால் தெரியலாம். வராமலே போனால், இழந்தது என்ன என்பது ஒருபோதும் தெரியாது.

ஆகவே, "ஒரு வாடிக்கையாளருக்குப் பல லட்சம் வரியை மிச்சப்படுத்தினேன்" என்று எழுதும் பதிவு வாசகருக்கு எதையும் சொல்வதில்லை. அதை எழுத எவருக்கும் செலவில்லை. திறமையுள்ளவரும் எழுதலாம், இல்லாதவரும் எழுதலாம். கடைசி நாள் அட்டைகளும் அப்படியே: மாதத் தாக்கலாளருக்கு GSTR-1 அடுத்த மாதம் 11-ஆம் நாள், GSTR-3B 20-ஆம் நாள் என்பதை ஊரில் எல்லாரும் அச்சிடுகிறார்கள். மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் வேலைச் சந்தையைப் பற்றி எழுதிய கட்டுரையின் சாரம் இங்கே பொருந்துகிறது. ஒரு சமிக்ஞை திறமையுள்ளவரைப் பிரித்துக் காட்டவேண்டுமானால், திறமையில்லாதவருக்கு அதை அனுப்புவது கூடுதல் செலவு பிடிப்பதாக இருக்க வேண்டும்.

அப்படியானால் எப்படிப்பட்ட பதிவு அந்த வேலையைச் செய்யும்? எனக்குத் தெரிந்த ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு விளக்குகிறேன்.

என் தோழி ஒருவர் இளங்கலை வணிகவியல் முடித்து, தணிக்கை அலுவலகம் ஒன்றில் சில ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, இப்போது ஜி.எஸ்.டி. பயிற்சியாளராகப் பதிந்து தனியே தொழில் செய்கிறார். பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் உள்ள சிறு இயந்திரப் பட்டறைகளே அவர் நாடும் வாடிக்கையாளர்கள். அவரும் முதலில் அட்டைகளையே வெளியிட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள், பதிவின் கீழே தளம் தரும் புள்ளிவிவரத்தைத் திறந்து பார்த்தார். பதிவைக் கண்டவர்கள் என்ன பணியில் இருக்கிறார்கள் என்று அது காட்டும். பெரும்பாலோர் கணக்கர்கள், கணக்கியல் மாணவர்கள். தம் தொழிலிலேயே உள்ளவர்களுக்குத்தான் இத்தனை நாளும் எழுதியிருக்கிறோம் என்பது அவருக்கு அன்று விளங்கிற்று.

அடுத்து அவர் எழுதிய பதிவு ஒரு கேள்வியோடு தொடங்கியது: "ஏப்ரலில் வாங்கிய இரும்புக்கு நீங்கள் கட்டிய 36,000 ரூபாய் வரி, ஜூலை வரை எங்கே நிற்கிறது?"

அதன் உள்ளடக்கத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். என் வாதம் அதில்தான் இருக்கிறது. மாதந்தோறும் தாக்கல் செய்யும் பட்டறை ஒன்று, ஏப்ரலில் 2,00,000 ரூபாய்க்கு எஃகுக் கம்பி வாங்குகிறது. 18 விழுக்காட்டு வரி 36,000 ரூபாய். அந்த 36,000-ஐத் தான் செலுத்தவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம் என்பது எல்லா உரிமையாளர்க்கும் தெரியும். ஆனால் விற்றவர் அந்தப் பில்லைத் தம் படிவத்தில் காட்டி, அது வாங்கியவரின் GSTR-2B பட்டியலில் வந்தால்தான் கழிக்க முடியும். 2022 ஜனவரி முதல் இதில் விலக்கு இல்லை.

இங்கேதான் சிக்கல். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்படாத விற்பனையாளர் காலாண்டுக்கு ஒருமுறை மட்டும் GSTR-1 தாக்கல் செய்யும் திட்டத்தைத் தெரிவு செய்யலாம். எஃகுக் கம்பி விற்றவர் அந்தத் திட்டத்தில் இருந்தால், ஏப்ரல் பில்லை ஜூலை 13-க்குள் காட்டினால் போதும். அது வாங்கியவரின் பட்டியலில் ஜூலை 14-ஆம் நாள்தான் தோன்றும். மே 20-ஆம் நாள் கழித்திருக்க வேண்டிய 36,000 ரூபாயை அவர் ஜூலை 20-இல்தான் கழிக்க முடியும். இடைப்பட்ட இரண்டு மாதம் கைப்பணத்தைக் கட்டவேண்டும். மே மாதப் பில்லுக்கு ஒரு மாதத் தாமதம். ஜூன் பில்லுக்குத் தாமதமே இல்லை. காலாண்டின் முதல் மாதத்தில் நிறைய வாங்கும் பட்டறைகளுக்கு 20-ஆம் நாள் வரும்போதெல்லாம் ஏன் மூச்சு முட்டுகிறது என்பதற்கு இது ஒரு காரணம்.

தீர்வும் சட்டத்திலேயே இருக்கிறது. காலாண்டுத் தாக்கலாளர் விரும்பினால், காலாண்டின் முதல் இரண்டு மாதங்களுக்குரிய பில்களை IFF என்ற வசதியின் வழியே அடுத்த மாதம் 13-ஆம் நாளுக்குள் ஏற்றிவிடலாம். மாதத்துக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான பில்களுக்கு இடமுண்டு. ஏப்ரல் பில் மே 13-க்குள் ஏற்றப்பட்டால், மே 14-இலேயே வாங்கியவரின் பட்டியலில் வந்துவிடும். ஆகவே உரிமையாளர் செய்யவேண்டியது, விற்பவரிடம் ஒரு தொலைபேசிப் பேச்சு. அல்லது புதிதாக ஒருவரிடம் சரக்கு எடுக்கும்போதே, "நீங்கள் மாதத் தாக்கலா, காலாண்டா?" என்ற ஒரு கேள்வி.

இந்தப் பதிவில் மூன்று செய்திகள் என் கவனத்தை ஈர்த்தன.

முதலாவது, வாசகர் அதைத் தாமே சரிபார்க்க முடியும். "ஜி.எஸ்.டி. தளத்தில் உங்கள் GSTR-2B-ஐத் திறந்து, சென்ற மாதப் பில்களில் எவை இல்லை என்று பாருங்கள், இல்லாத பில்லின் விற்பனையாளர் எண்ணை Search Taxpayer பகுதியில் இட்டால் அவர் கடைசியாக எந்தக் காலத்துக்குத் தாக்கல் செய்தார் என்பது தெரியும்" என்று அவர் எழுதியிருந்தார். நம்பிக்கைப் பண்டம் ஒன்றின் ஒரு சிறு துண்டை அவர் தொட்டுப் பார்க்கும் பண்டமாக மாற்றிவிட்டார். தம் சொந்தக் கணக்கில் சோதித்து, அவர் சொன்னது சரியென்று கண்ட உரிமையாளர், சோதிக்க முடியாத மற்றவற்றிலும் அவரை நம்பக் காரணம் கிடைக்கிறது.

இரண்டாவது, மிகைப்படுத்தல் இல்லை. "36,000 ரூபாய் இழக்கிறீர்கள்" என்று எழுதியிருந்தால் இன்னும் பலர் படித்திருப்பார்கள். அவரோ, பணம் தொலைவதில்லை, தாமதமாகிறது என்றும், 12 விழுக்காட்டு வட்டியில் கடன் வாங்கிக் கட்டினாலும் இரண்டு மாத வட்டி 720 ரூபாய்தான் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். பிரச்சினை அந்த 720 அன்று. கூலி கொடுக்கும் வாரத்திலேயே 36,000-ஐப் புரட்டவேண்டியிருப்பதுதான் என்றும் எழுதினார். தமக்குச் சாதகமான எண்ணைச் சிறிதாக்கிச் சொல்பவரைத்தான் கணக்குப் பார்க்க அழைப்போம்.

மூன்றாவது, தீர்வின் எல்லையைச் சொல்லியிருந்தார். விற்றவர் தாக்கலே செய்யாவிட்டால் இந்த வழி உதவாது. பொறுமையிழந்து, பட்டியலில் வராத பில்லுக்கும் வரவைக் கழித்துக்கொண்டால், GSTR-2B-க்கும் GSTR-3B-க்கும் உள்ள வேறுபாடு குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது DRC-01C என்ற அறிவிப்பு வரும். அதற்கு ஏழு நாள்களுக்குள் விடையளிக்க வேண்டும். எங்கே தம் அறிவுரை நிற்கிறது என்று சொல்லாத பதிவு விளம்பரமாகிவிடுகிறது.

"எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் யார் பணம் கொடுத்து அழைப்பார்கள்?" என்று அந்தத் தம்பியும் கேட்டார். வினா நியாயமானதே. ஆனால் ஒரு பில்லைத் தேடக் கற்ற உரிமையாளர், மாதந்தோறும் நாற்பது பில்களை 14-ஆம் நாளுக்கும் 20-ஆம் நாளுக்கும் இடையில் தாமே தேடப்போவதில்லை; அவருக்குப் பட்டறை இருக்கிறது. அந்த வேலையின் அளவு எவ்வளவு என்பதைப் பதிவு அவருக்கு உணர்த்திவிடுகிறது. தோழி அந்தப் பதிவை வெளியிட்ட நாளும் அதனால்தான் மாதத்தின் 15-ஆம் நாள். அப்போதுதான் உரிமையாளர் கட்டவேண்டிய தொகையைப் பார்த்துத் திகைத்து நிற்பார். முதல் நாளில் அதே பதிவு வந்திருந்தால் அவர் கண்ணில் பட்டும் மனத்தில் பட்டிராது.

இன்னொரு வினா: நல்ல பதிவை மற்றவர்கள் படியெடுத்துவிடுவார்களே? எடுத்தார்கள். ஒரு வாரத்தில் அதே 36,000 வேறு இருவர் பக்கங்களில் வந்தது. ஆனால் பதிவின் கீழே ஒருவர், "என் விற்பனையாளர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார், அவருக்கும் இந்த வழி பொருந்துமா?" என்று கேட்டார். பொருந்தாது. அத்திட்டத்தில் உள்ளவர் வாங்குபவரிடம் வரி வசூலிக்கவே கூடாது. அவர் தருவது வரிப் பில்லும் அன்று. ஆகவே கழிப்பதற்கு வரவே இல்லை. தோழி இதை உடனே மூன்று வரிகளில் எழுதினார். படியெடுத்தவர்களின் பக்கத்தில் இதே போன்ற வினாக்கள் விடையின்றிக் கிடந்தன. ஸ்பென்ஸ் சொல்லும் செலவு வேறுபாடு அங்கேதான் வெளிப்பட்டது. பதிவைத் திருடலாம், கீழே வரும் எதிர்பாராத வினாவுக்கான விடையைத் திருட முடியாது. ஆகவே ஒருவரின் திறமையை அறிய விரும்புவோர் பதிவை விட்டுவிட்டுப் பின்னூட்டங்களைப் படிப்பது நல்லது.

பதிவு யாரைச் சென்றடைந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. பட்டறை முதலாளிகள் பலர் லிங்க்ட்இன்னில் இல்லை; வாட்ஸ்அப்பில் இருக்கிறார்கள். தோழிக்கு வந்த முதல் அழைப்பு, தந்தையின் பட்டறையில் புதிதாகச் சேர்ந்திருந்த மகள் ஒருவரிடமிருந்து. அவர் பதிவைத் திரைப்படமாக எடுத்துத் தந்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அதன் பிறகு தோழி, எழுதியவர் யாரென்று தெரியாதவரும் படித்தால் விளங்கும்படி, ஒரே திரையில் அடங்கும் அளவுக்கு ஒவ்வொரு பதிவின் நடுப்பகுதியையும் அமைத்தார். தளம் முதல் சில வரிகளை மட்டும் காட்டி மீதியை மறைப்பதால், உரிமையாளரின் கேள்வியை அந்த வரிகளிலேயே வைத்தார். தம்மைப் பற்றிய செய்தி கடைசியில் ஒரே வரி.

இனி, இந்தக் கதையின் கசப்பான பகுதி. இரண்டாம் பதிவில் தோழி உண்மையான வாடிக்கையாளர் ஒருவரின் அனுபவத்தை எழுதினார். பெயர் இல்லை. ஆனால் பற்சக்கரம் வெட்டும் பட்டறை என்றும், பீன்யாவில் எந்தப் பகுதி என்றும், வரி கட்டப் பணமின்றி அந்த மாதம் தாக்கலே தாமதமானது என்றும் இருந்தது. அந்தப் பகுதியில் அப்படிப்பட்ட பட்டறைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தளத்தில் யார் யாருடன் இணைந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். சரக்கு கொடுப்பவர் ஒருவர் அதைப் படித்து யாரென்று கண்டுகொண்டார். அடுத்த முறை கடனுக்குக் கொடுக்கத் தயங்கினார். உரிமையாளர் தொலைபேசியில் கேட்டது ஒன்றே: "அம்மா, என் கஷ்டத்த ஊருக்குச் சொல்லவா உங்ககிட்ட கணக்கக் கொடுத்தேன்?" தோழி பதிவை அன்றே நீக்கினார். அந்த வாடிக்கையாளர் திரும்பவில்லை.

பட்டயக் கணக்கர்களுக்கு இவ்விஷயத்தில் சட்டமே வேலி. 1949-ஆம் ஆண்டின் பட்டயக் கணக்கர்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, வாடிக்கையாளரின் இசைவின்றி அவர் செய்தியை வெளியிடுவதைத் தொழில் ஒழுக்கக் கேடாகக் கொள்கிறது. முதல் அட்டவணையின் 6, 7-ஆம் கூறுகள் வேலை கேட்டு அணுகுவதற்கும் தம் தகுதிகளை விளம்பரப்படுத்துவதற்கும் கட்டுப்பாடு விதிக்கின்றன. ஆகவே பட்டயக் கணக்கராகத் தொழில் செய்யவிருக்கும் மாணவர்கள், பிறர் எழுதுவதைப் பார்த்துத் தாமும் எழுதுமுன் தங்கள் கழகத்தின் நடப்பு நெறிமுறைகளைப் படித்தாக வேண்டும். என் தோழியைப் போன்றவர்களை அந்த வேலி கட்டுப்படுத்துவதில்லை. அதனால்தான் அவர்கள் தாமே ஒன்றை நட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இப்போது அவர் எல்லாப் பதிவுகளையும் முழு எண்களாலான கற்பனைக் கணக்கைக் கொண்டே எழுதுகிறார். கற்பனைக் கணக்கு என்று முதலிலேயே சொல்லியும் விடுகிறார். உண்மை அனுபவத்தைத் தொடவேண்டியிருந்தால், எழுதியதை உரியவரிடம் காட்டி இசைவு பெற்ற பின்பே வெளியிடுகிறார்.

வேலி தேவைப்படும் இன்னோர் இடமும் உண்டு. நம் ஊர்களில் கணக்குப் பார்ப்பவர் எவராயினும் அவரை 'ஆடிட்டர்' என்றே அழைக்கிறோம். பேச்சில் அது மரியாதை. தற்குறிப்பில் எழுதினால் அது தவறான உரிமைகோரல். வரித் தணிக்கை அறிக்கையில் கையொப்பமிடப் பட்டயக் கணக்கருக்கு மட்டுமே உரிமையுண்டு. என் தோழியின் தற்குறிப்பில் அவர் செய்யும் வேலைகளின் பட்டியலுக்குக் கீழே, செய்யாத வேலைகளின் பட்டியலும் இருக்கிறது. தணிக்கை அதில் முதலாவது. அந்தப் பட்டியலைப் பார்த்த பட்டயக் கணக்கர் ஒருவர், தமக்கு நேரமில்லாத கணக்கெழுதும் வேலைகளை இப்போது அவருக்கு அனுப்பி வருகிறார்.

ஒருவரின் அனுபவத்திலிருந்து பொதுவிதி வகுப்பது ஆய்வு மாணவனுக்கு அழகன்று. பதிவுகளால் அவருக்கு ஓராண்டில் கிடைத்தவை நான்கு பட்டறைகள். அவற்றுள் ஒன்றை இழந்தார். பெரிய வெற்றிக்கதை எதுவும் இதில் இல்லை. ஆனால் எஞ்சிய மூவரும் தங்கள் GSTR-2B-ஐத் தாங்களே திறந்து பார்த்துவிட்டு அழைத்தவர்கள். அவர் தவறு செய்தால் கேட்கத் தெரிந்தவர்கள். நம்பிக்கைப் பண்டத்தை விற்பவருக்கு அத்தகைய வாடிக்கையாளரே பாதுகாப்பு என்று நான் கருதுகிறேன்.

தம்பியிடம் அன்று ஒரு வேலை கொடுத்தேன். அவர் மாமா சிவாஜிநகரில் மின்பொருள் கடை வைத்திருக்கிறார். "இந்த மாதம் 14-ஆம் தேதி மாமாவுடன் உட்கார்ந்து, பட்டியலில் வராத பில்களைத் தேடு. அவர் என்ன கேட்கிறாரோ அதை அவர் சொல்லிலேயே குறித்துக்கொள். மாமாவின் பெயரும் கடையும் தெரியாதபடி, அந்தக் கேள்விக்கு மட்டும் விடை எழுது" என்றேன். நேற்று எழுதி அனுப்பியிருந்தார். இரண்டாம் பத்தியில் ஒரு தேதி தவறாக இருந்தது. திருத்திவிட்டு வெளியிடச் சொல்லியிருக்கிறேன்.